ஒரு வயல், ஏழு பேர், பதினாலு வரி: உரையாடலில் முறை வைத்து அழைப்பது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

குடும்பக் கதை எழுதும்போது யார் யாருக்கு என்ன உறவு என்பதை வாசகருக்குச் சொல்லியாக வேண்டும். "இவர் என் அக்கா வீட்டுக்காரர்" என்று ஒரு பாத்திரத்தைப் பேச வைத்தால் அது யாரும் வீட்டில் பேசாத பேச்சாகிவிடும். தெரிந்தவர்கள் தெரிந்தவர்களிடம் உறவை விளக்குவதில்லை, அழைக்கிறார்கள். அந்த அழைப்பிலேயே வயது, முறை, மரியாதை, மனத்தாங்கல் எல்லாம் வந்துவிடுகின்றன. எழுதுகிறவர் அதை வரிக்கு வரி சரியாகப் பிடித்தால் போதும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது இந்த ஆய்வுக்கென்றே எழுதிய ஒரு காட்சி. இடம் கல்லிடைக்குறிச்சிப் பக்கம், தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயில் பாயும் ஒரு வயல். சுப்பையாவுக்கு வயது 62, மனைவி பார்வதிக்கு 56. மூத்த மகள் கோமதியைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறது, அவள் கணவன் இசக்கி. அவன் கட்டும் வரை இந்தக் குடும்பத்துக்கு உறவில்லாதவன். இளையவன் முருகன். அவன் மனைவி செல்வி, சுப்பையாவின் தங்கை வள்ளியின் மகள், அதாவது முறைப்பெண். கடனுக்காக வயலை விற்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. ஏழு பேரும் வீட்டில் இருக்கிறார்கள்.

முதல் வரைவு

1. இசக்கி: மாமா, அந்த வயலை விற்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன் மாமா.
2. சுப்பையா: ஆமா மாப்பிள்ளை, கடன் இருக்கு மாப்பிள்ளை.
3. இசக்கி: கோமதிக்கும் அதுல பங்கு இருக்கு மாமா.
4. முருகன்: அக்காவுக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு மச்சான்.
5. பார்வதி: மாப்பிள்ளை, நீங்க முதல்ல சாப்பிடுங்க.
6. செல்வி: அத்தான், சாப்பிட்டுட்டுப் பேசலாமே.
7. கோமதி: அண்ணி, நீங்க இதுல தலையிடாதீங்க.
8. வள்ளி: சம்மந்தி, அந்த வயல் செல்விக்குன்னு நீங்கதானே சொன்னீங்க.
9. சுப்பையா: நான் எப்போ சொன்னேன் சம்மந்தி?
10. இசக்கி: அப்போ கோமதிக்கு ஒண்ணும் இல்லையா மாமா?
11. சுப்பையா: உங்களுக்கு இதுல என்ன உரிமை மாப்பிள்ளை?
12. வள்ளி: இனிமே நாங்க இங்க வரமாட்டோம் சம்மந்தி.

பன்னிரண்டு வரியிலும் ஒரு விளி இருக்கிறது, ஆனாலும் உறவு தெரியவில்லை. தெரிந்த இடங்களில் தப்பாகத் தெரிகிறது.

ஆறாவது வரியில்தான் பெரிய பிழை. செல்வி இசக்கியை அத்தான் என்கிறாள். கணவனின் அக்காள் புருஷன் என்றால் மரியாதையாக அத்தான் என்று போட்டுவிட்டால் போயிற்று என்று எழுதியவர் நினைத்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம் செல்விக்கு அத்தான் முருகன். மாமா மகன் என்பதால் சிறுவயதிலிருந்தே அத்தான், கட்டிக்கொண்ட பின்னும் அத்தான். அவள் வாயில் அது கட்டிக்கொள்ளும் முறை உள்ளவனுக்கான சொல். இசக்கி அந்த முறையில் வரமாட்டான்.

முறை தெரிய ஒரு குறுக்குவழி உண்டு. கோமதி செல்விக்கு மதினி. மதினி என்றால் அண்ணன் பெண்டாட்டி, ஆகவே மதினியின் கணவன் அண்ணன். இசக்கி செல்விக்கு அண்ணன், செல்வி அவனுக்குத் தங்கச்சி. தமிழ் உறவுமுறையில் சம்பந்தத்தால் வரும் உறவுகள்கூட இப்படிப் பங்காளி வரிசை, மாமன் மச்சான் வரிசை என்று இரண்டில் ஒன்றில் விழுந்தே தீரும். இதே வழியில் போனால் வள்ளிக்கு இசக்கி மகன் முறை என்று வரும். அண்ணன் மகள் அவளுக்கு மருமகள் என்றால் அந்த மருமகளின் கணவன் மகன்தானே. சந்தேகம் வரும் இடமெல்லாம் இப்படி ஒரு படி நடந்து பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

ஏழாவது வரி தொலைக்காட்சிப் பழக்கத்தில் வந்த பிழை. அண்ணி என்பது அண்ணன் மனைவிக்கு. செல்வி தம்பி மனைவி, கோமதியை விட இளையவள், மாமா வீட்டிலும் அத்தை வீட்டிலுமாகக் கூட வளர்ந்தவள். கோமதி அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். கொஞ்சினால் 'ஏளா', கோபித்தால் வெறும் 'நீ'. இங்கே 'நீங்க' வந்ததால் வரியில் இருக்க வேண்டிய அதட்டல் போய்விட்டது.

நாலாவது வரியின் மச்சானை எல்லா ஊருக்கும் பொதுவான பிழை என்று சொல்ல முடியாது. அக்காள் கணவனை மச்சான் என்று அழைக்கும் ஊர்களும் வீடுகளும் உண்டு, மாமா என்று அழைக்கும் வீடுகள் அதைவிட அதிகம். நெல்லைப் பக்கத்துக் குடும்பம் என்று நிறுவிவிட்டால் அத்தான்தான் பொருந்தும். கதைக்கு ஓர் ஊரைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அந்த ஊரிலேயே நிற்பதுதான் இங்கே முக்கியம்.

எட்டு, ஒன்பது, பன்னிரண்டில் இருப்பது இலக்கணப் பிழையைவிடப் பெரிய நஷ்டம். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் சம்மந்தி என்கிறார்கள். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்ததால் அவர்கள் சம்பந்திகள்தான். ஆனால் உறவுக்குள்ளேயே பெண் எடுத்த வீட்டில் பழைய அழைப்பு மாறுவதில்லை. வள்ளி அண்ணே என்பாள், சுப்பையா வள்ளி என்பார். முதலிலேயே சம்மந்தி என்று போட்டதால் அவர்கள் கூடப்பிறந்தவர்கள் என்பது மறைந்துபோனது. அதோடு, மனம் முறியும் நேரத்துக்கென்று வைத்திருக்க வேண்டிய ஒரு சொல் தொடக்கத்திலேயே செலவாகிவிட்டது.

வரியில் உறவு எங்கெல்லாம் உட்கார்கிறது

விளி அதில் ஓர் இடம் மட்டுமே. 'நீ'யா 'நீங்க'ளா என்பது இரண்டாவது இடம். நெல்லையில் இவற்றுக்கு நடுவே 'நீரு' என்று ஒரு படியும் உண்டு: உம்ம, உமக்கு, வாரும், இரும். ஆண்கள் சம வயதினரிடமும், மரியாதை குறையாமல் ஆனால் பணியாமல் பேச வேண்டியவர்களிடமும் புழங்குவது. மூன்றாவது இடம் வினைமுற்று. 'நீங்க' என்ற சொல்லே இல்லாவிட்டாலும் 'சொல்லுதிய' என்றால் அது மரியாதை. நாலாவது, இல்லாதவரையோ பக்கத்தில் நிற்பவரையோ சுட்டும் விதம்: அத்தான் வந்தாவ, அவிய சொன்னாவ. ஐந்தாவது, லே, ளா, வே, ஏட்டி போன்ற அசைச்சொற்கள்.

ஒவ்வொரு வரியிலும் இந்த ஐந்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் விளி இருக்கத் தேவையில்லை, இருந்தால் முதல் வரைவின் இரண்டாவது வரிபோல ஆகிவிடும். மாமா, மாப்பிள்ளை என்று பந்து மாதிரி மாறி மாறி வந்தால் நாலாவது வரிக்குப் பிறகு காது அதைக் கேட்பதை நிறுத்திவிடும்.

அட்டவணை போடுவது

வரிகளைத் திருத்துவதற்கு முன் ஓர் அட்டவணை வேண்டும். ஏழு பேர் என்றால் ஒவ்வொருவரும் மற்ற ஆறு பேரை அழைக்கிறார்கள், மொத்தம் 42 கட்டங்கள். அ ஆவை அழைப்பதும் ஆ அவை அழைப்பதும் வேறு வேறு, அதனால் பாதியாகக் குறைக்க முடியாது. முழுவதையும் ஒரே நாளில் நிரப்ப வேண்டாம், காட்சியில் நேருக்கு நேர் பேசிக்கொள்பவர்களை நிரப்பினால் போதும். இந்தக் காட்சிக்கு 11 கட்டங்கள் போதுமாக இருந்தன. ஆனால் சம்பந்தத்தால் வந்தவரை, அதாவது இசக்கியை, முழுதாக நிரப்பிவிடுவது நல்லது. பிழைகள் பெரும்பாலும் அவர் மேல்தான் விழும்.

| பேசுபவர் | இசக்கியை விளிப்பது | நேரில் | அவரைப் பற்றி |
|---|---|---|---|
| சுப்பையா | மாப்பிள்ள | நீங்க | மாப்பிள்ள வந்தாவ |
| பார்வதி | விளிப்பதில்லை | நேராகப் பேசுவதில்லை | மாப்பிள்ள சாப்பிட்டாவளா |
| முருகன் | அத்தான் | நீங்க | அத்தான் சொன்னாவ |
| செல்வி | அண்ணே | நீங்க | அண்ணன் வந்தாவ |
| கோமதி | என்னங்க | நீங்க | அவிய |
| வள்ளி | ஏய்யா | நீங்க | கோமதி மாப்பிள்ள |

பார்வதியின் கட்டம் காலியாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்தத் தலைமுறை மாமியார் பலர் மருமகனிடம் நேரே பேசுவதைத் தவிர்ப்பார்கள். மகளிடமோ பேத்தியிடமோ சொல்லுவதுபோல அவர் காதில் விழச் சொல்லுவார்கள். முதல் வரைவில் "மாப்பிள்ளை, நீங்க சாப்பிடுங்க" என்று பார்வதி சொன்னதில் முறை தப்பில்லை, ஆனால் 56 வயதுப் பார்வதி அதில் இல்லை. அவள் கணவன் பேரையும் சொல்லமாட்டாள். அதே பேருள்ள வேறொருவரைக் குறிக்கும்போதுகூடச் சுற்றி வளைத்துத்தான் சொல்லுவாள். இதுபோன்ற தவிர்ப்புகளையும் அட்டவணையில் எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்துப் பக்கம் தாண்டியதும் மறந்துபோகும்.

இன்னொரு நெடுவரிசையும் சில வீடுகளுக்குத் தேவைப்படும்: யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? செல்விக்கு 25 வயது. தனியாக இருக்கும்போது முருகனை 'நீ' என்று சொல்லுகிறவளாக வைத்துக்கொள்ளலாம். மாமியார் அடுப்படியில் இருந்தால் அதே செல்வி 'அத்தான், வாங்க' என்பாள். இது முரண்பாடு இல்லை, அவள் வீட்டு நடப்பு. ஆனால் எழுதியவருக்கு அந்த விதி தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் ஒரு பக்கத்தில் நீ, அடுத்த பக்கத்தில் நீங்க என்று வந்தால் வாசகர் அதைக் கவனக்குறைவு என்றே எடுத்துக்கொள்வார்.

வள்ளி அண்ணனிடம் 'நீ' என்றா 'நீங்க' என்றா பேசுவாள்? இரண்டு விதமான வீடுகளும் உண்டு. இங்கே 'நீ' என்று முடிவு செய்தது ஒரு காரணத்துக்காக, அந்தக் காரணம் கடைசி வரியில் இருக்கிறது.

திருத்திய வரைவு

1. இசக்கி: கால்வாய்க் கரை வயல விக்கப் போறியளாமே மாமா.
2. சுப்பையா: ஆமா மாப்பிள்ள. கடன் கழுத்துக்கு வந்துட்டு. இருங்க, நின்னுக்கிட்டே பேசுதிய.
3. இசக்கி: கோமதிக்கும் அதுல ஒரு பங்கு இருக்குல்லா. நீங்க நெனச்சுப் பாக்கலியே.
4. முருகன்: அக்காவுக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு அத்தான்.
5. இசக்கி: உம்மகிட்ட கேக்கல மச்சான். மாமாகிட்ட கேக்கேன்.
6. பார்வதி (நிலைப்படிக்கு உள்ளே இருந்து): ஏட்டி கோமதி, மாப்பிள்ளைக்கு இலை போட்டாச்சுன்னு சொல்லு.
7. செல்வி: அண்ணே, சாப்புட்டுட்டுப் பேசுங்க. மாமாவும் காலையில இருந்து ஒண்ணும் சாப்புடல.
8. கோமதி: நீ இதுல வராத.
9. வள்ளி: அவ ஏன் வரக்கூடாதுங்க? அண்ணே, இந்த வயல் செல்விக்குன்னு நீதான சொன்ன. மதினியும் கேட்டுட்டுதான நின்னாவ.
10. சுப்பையா: எப்போ சொன்னேன்? நீயா ஒண்ணு நெனச்சுக்கிட்டா?
11. இசக்கி: அப்போ கோமதிக்கு ஒண்ணும் இல்ல. அப்படித்தான சொல்லுதிய?
12. சுப்பையா: அது எங்க வீட்டுப் பேச்சு. உமக்கு அதுல என்ன?
13. கோமதி: எப்பா!
14. வள்ளி: நல்லது. நீங்க சொன்னா சரிதான் சம்மந்தி. நான் வாறேன்.

பதினாலு வரியில் விளி ஒன்பது இடத்தில் வருகிறது. அவற்றில் எட்டு, ஒரு ஜோடி முதன்முதலாகப் பேசிக்கொள்ளும் இடங்கள். ஒன்பதாவதுதான் திருப்பம். ஒருமுறை அழைத்துவிட்டால் அடுத்த வரிகளை வினைமுற்றே தாங்கிக்கொள்ளும். மூன்றாவது வரியிலும் பதினொன்றாவதிலும் மாமா இல்லை, ஆனாலும் 'நீங்க'ளும் 'சொல்லுதிய'வும் அவர் மாமாதான் என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

எட்டாவது வரி ஒரு விதிவிலக்கு. கோமதி செல்வியிடம் இந்தக் காட்சியில் முதன்முதலாகப் பேசுவது அங்கேதான், விளி வேண்டுமென்றேதான் விடப்பட்டது. "நீ இதுல வராத செல்வி" என்றால் பேரின் கனிவு கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், அதை நீக்கியதும் அதட்டல் மட்டும் நிற்கிறது. ஒன்பதாவது வரியில் வள்ளியின் முதல் வாக்கியம் கோமதிக்கு, இரண்டாவது சுப்பையாவுக்கு. ஒரே வரியில் கேட்பவர் மாறும் இடத்தில் 'அண்ணே' வந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் 'நீதான சொன்ன' யாருக்கு என்று குழம்பும். ஆனால் இந்த வரியில் ஒரு பிசகு வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது: 'வரக்கூடாதுங்க'. மருமகளிடம் அத்தை 'ங்க' சேர்த்துப் பேசமாட்டாள். எழுதும்போது இப்படி ஓர் ஒட்டு தானாகவே விரலில் வந்து விழும். "அவ ஏன் வரக்கூடாது?" என்பதுதான் சரி. அட்டவணையோடு ஒப்பிட்டால்தான் இது கண்ணில் படும், கதையோட்டத்தில் படிக்கும்போது தப்பித்துவிடும்.

இனி இரண்டு மாற்றங்கள். பன்னிரண்டாவது வரியில் சுப்பையா 'உங்களுக்கு' என்பதை விட்டு 'உமக்கு' என்கிறார். வசவு இல்லை, அவமரியாதை என்று பஞ்சாயத்தில் சொல்லவும் முடியாது, ஊரில் நாலு பேரிடம் பேசும் சொல்தான். ஆனால் இதுவரை 'நீங்க' என்று நிமிர்த்தி வைத்திருந்த மாப்பிள்ளையை ஒரு படி இறக்கியாயிற்று, கூடவே மாப்பிள்ள என்ற விளியும் போய்விட்டது. அதே 'உம்ம'வை ஐந்தாவது வரியில் இசக்கி முருகனிடம் சொன்னபோது அது இயல்பாக இருந்தது. வாசகர் அந்தப் படியின் உயரத்தை அங்கே தெரிந்துகொண்டதால்தான் பன்னிரண்டில் சறுக்கல் கேட்கிறது. கோமதியின் 'எப்பா!' அதற்குப் பதில். அவள் வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

வள்ளி செய்வது இதற்கு நேர்மாறு. அண்ணனை 'நீ' என்றவள் 'நீங்க' என்று உயர்த்துகிறாள், அண்ணே என்றவள் சம்மந்தி என்கிறாள். மரியாதை கூடியிருக்கிறது, அதுதான் வெட்டு. நெருக்கமானவர் மரியாதையைக் கூட்டினால் விலகல், மரியாதைக்குரியவரிடம் குறைத்தால் தாக்குதல். இரண்டையும் ஒரே காட்சியில் அடுத்தடுத்து வைத்ததால் ஒன்று மற்றதைத் துலக்குகிறது. முதல் வரைவில் வள்ளி "இனிமே நாங்க இங்க வரமாட்டோம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது "நான் வாறேன்" என்ற வழக்கமான விடைபெறுதலே அதைச் சொல்லிவிடுகிறது.

இது வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. திருப்பத்துக்கு முந்தைய வரிகளில் அந்த ஜோடியின் அழைப்பு ஒருமுறைகூட நழுவியிருக்கக் கூடாது. ஒன்பதாவது வரியில் வள்ளி தவறிப்போய் 'நீங்கதான சொன்னிய' என்றிருந்தால் பதினாலாவது வரி செத்துவிடும்.

சரிபார்ப்பது

பேசுபவர் பேர்களை ஒரு தாளால் மறைத்துவிட்டு வரிகளை மட்டும் ஒருவரிடம் படிக்கக் கொடுக்கலாம். அதே ஊர்க்காரராக இருந்தால் நல்லது. எந்த வரி யாருடையது, யாருக்கு என்று அவர் குறிக்கட்டும். இந்தக் காட்சியில் முதல் வரைவின் ஆறாவது வரியை முருகன் பேச்சு என்றுதான் எவரும் குறிப்பார்கள். அத்தான் என்பது அவனுக்குத்தான் பொருந்தும். இப்படிப் பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்.

அடுத்ததாக ஒவ்வொரு விளியின் எழுத்தையும் கோப்பில் தேடிப் பார்க்க வேண்டும். ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் அண்ணே, இன்னொன்றில் அண்ணா, மற்றொன்றில் அண்ணன் என்று எழுதப்பட்டிருந்தால் ஒன்றாக்க வேண்டும். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது நீட்டுவது மட்டும் நியாயமான விலக்கு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயலே ஒதுக்கி, கிட்டே இருப்பவரை இயல்பாகவும் தொலைவில் இருப்பவரை நீட்டியும் அழைப்பதைப் பிரித்துச் சொல்கிறது. வயலில் நிற்கும் அண்ணனைக் கூப்பிட்டால் 'அண்ணேஎ', திண்ணையில் இருப்பவரிடம் 'அண்ணே'.

பன்மை 'நீங்க' இன்னொரு கண்ணி. பலரைப் பார்த்துப் பேசும்போது இயல்பாகவே 'நீங்க' வரும், அதை ஒருவருக்குரிய மரியாதை என்று வாசகர் எடுத்துக்கொள்ளக் கூடும். பதினாலாவது வரியில் "நீங்க பேசி முடிங்க" என்று எழுதியிருந்தால் எல்லாருக்கும் சொன்னதாகி வெட்டு மழுங்கிவிடும். "நீங்க சொன்னா சரிதான்" என்றதும் அது ஒருவருக்கு என்று உறுதியாகிறது.

இந்த அட்டவணையை அப்படியே வேறு ஊருக்குத் தூக்கிப்போக முடியாது. கொங்கு வீட்டில் மரியாதையை வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' சுமக்கும், 'நீரு' என்ற நடுப்படி இந்த வேலையைச் செய்யாது. சுப்பையாவின் சறுக்கலை அங்கே 'ங்க' உதிர்வதாக எழுத வேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் 'நீர்' கணவன் மனைவிக்குள்ளும் நெருக்கமாகப் புழங்கும், அங்கே அது சறுக்கலாகவே கேட்காது.

கதை தொடர்ந்தால் வள்ளியின் கட்டத்தில் ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும்: இந்தக் காட்சிக்குப் பின் சுப்பையா அவளுக்குச் சம்மந்தி, நீங்க. அவள் மறுபடி அண்ணே என்பது தனியாகத் திட்டமிட்டு எழுத வேண்டிய காட்சி. அதற்கு முன் பேச்சுவாக்கில் எங்காவது ஓர் 'அண்ணே' நழுவினால் சண்டை அங்கேயே தீர்ந்துபோனதாக வாசகர் எடுத்துக்கொள்வார். சுப்பையா மட்டும் வள்ளி என்றே சொல்லிக்கொண்டிருக்கலாம். அவர் இன்னும் அண்ணனாகத்தான் பேசுகிறார், அவள்தான் பதில் தருவதில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.